ட்ரெண்டா, ரேஞ்சா? ஏடிஎக்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏடிஎக்ஸ் 32 காட்டுது. வாங்கலாமா?

ஏடிஎக்ஸ் என்பது விலை ஓட்டத்தின் பலத்தை அளக்கும் ஒரு சார்ட் கருவி. அந்த 32-ஐ மட்டும் வைத்து வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. பங்கு செங்குத்தாக ஏறினாலும் 32 காட்டும், செங்குத்தாக விழுந்தாலும் 32 காட்டும். ஒரே பக்கமாக எவ்வளவு பிடிவாதமாக நகர்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எந்தப் பக்கம் என்பதை பிளஸ் டிஐ, மைனஸ் டிஐ என்ற மற்ற இரண்டு கோடுகள் சொல்லும், அல்லது வெறுமனே விலையைப் பார்த்தாலே தெரியும்.

என்னைக் கேட்டால், ஏடிஎக்ஸை வாங்கு, வில் என்று சொல்லும் கருவியாக வைத்துக்கொள்ளவே கூடாது. என்னிடம் இரண்டு உத்திகள் இருக்கின்றன. ஒன்று, பிரேக்அவுட்டில் ஏறிக்கொள்வது. இன்னொன்று, சப்போர்ட்டில் வாங்கி ரெசிஸ்டன்ஸில் விற்பது. இன்றைக்கு இதில் எதை அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும் என்பதற்கு மட்டும்தான் ஏடிஎக்ஸைப் பார்க்கிறேன். ஒன்றைத் தடுக்க அதற்கு அதிகாரம் உண்டு, இன்னொன்றைத் தொடங்கி வைக்க அதிகாரம் இல்லை.

அந்த நம்பர் எப்படித்தான் வருது? எளிமையா சொல்லுங்க.

1978-ல் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் வெளியிட்ட கணக்கு இது. ஆர்எஸ்ஐ, ஏடிஆர் இரண்டும் அவருடையவைதான். அவர் மனதில் இருந்தது கமாடிட்டி சந்தையின் தினசரி விலைகள், கையால் போடக்கூடிய கணக்கு.

நேற்று ஒரு பங்கின் உச்சம் 506, தாழ்வு 497, முடிவு 500 என்று வைப்போம். இன்று உச்சம் 512, தாழ்வு 501. மேல் பக்கம் நேற்றைவிட 6 ரூபாய் புதிதாகப் போயிருக்கிறது. கீழ் பக்கம் புதிதாக எதுவும் போகவில்லை. ஆக இன்றைய பிளஸ் டிஎம் 6, மைனஸ் டிஎம் 0. இரண்டு பக்கமும் நேற்றைத் தாண்டியிருந்தால் பெரியதுதான் கணக்கில் வரும், சின்னது பூஜ்யம். நேற்றைய வரம்புக்குள்ளேயே அடங்கிவிட்டால் இரண்டும் பூஜ்யம்.

அப்புறம் ட்ரூ ரேஞ்ச். இன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள தூரம் 11, ஆனால் நேற்றைய முடிவான 500-லிருந்து இன்றைய உச்சம் 12 தூரம். பெரியதை எடுக்க வேண்டும், எனவே 12. இப்படி வரும் மூன்று எண்களையும் 14 நாளுக்குச் சேர்த்து, அதன் பிறகு தினமும் பழைய தொகையில் பதினான்கில் ஒரு பங்கைக் கழித்துப் புதியதைக் கூட்டிக்கொண்டு போனால் மீதி இவ்வளவுதான்:

```
+DI = 100 * (+DM14) / TR14
-DI = 100 * (-DM14) / TR14
DX  = 100 * |+DI - -DI| / (+DI + -DI)
ADX = (முந்தைய ADX * 13 + இன்றைய DX) / 14
```

மூன்றாவது வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேலேயும் கீழேயும் டிஐ இருப்பதால் ட்ரூ ரேஞ்ச் வெட்டுப்பட்டுப் போகிறது. அதாவது சந்தை எவ்வளவு பெரிதாக ஆடுகிறது என்பது ஏடிஎக்ஸுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு 5 சதவீதம் மேலும் கீழும் தூக்கியடிக்கும் பங்குக்கும் ஏடிஎக்ஸ் 12 இருக்கலாம். ‘ஏடிஎக்ஸ் குறைவு, அதனால் சந்தை அமைதி’ என்று நினைத்து ஸ்டாப் லாஸை ஒட்டி வைப்பவர்கள் இங்கேதான் அடி வாங்குகிறார்கள். ஆட்டத்தின் அளவுக்கு, ட்ரூ ரேஞ்சின் சராசரியான ஏடிஆரைப் பாருங்கள்.

25-ஐத் தாண்டினதும் வாங்குறேன். எப்பவுமே லேட்டா இருக்கு. ஏன்?

இரண்டு முறை சராசரி எடுக்கிறார்கள், அதனால்தான். முதலில் டிஎம்மும் ட்ரூ ரேஞ்சும் சராசரியாகின்றன. அதிலிருந்து வரும் டிஎக்ஸ் மறுபடியும் சராசரியாகிறது. போதாக்குறைக்கு வைல்டரின் 14 நாள் சராசரி நாம் நினைக்கும் 14 இல்லை. ஒவ்வொரு நாளும் புது எண்ணுக்கு பதினான்கில் ஒரு பங்குதான் மதிப்பு. நம் சார்ட்டில் போடும் எக்ஸ்பொனென்ஷியல் மூவிங் ஆவரேஜ் கணக்கில் சொன்னால் அது 27 நாளுக்குச் சமம்.

ஏடிஎக்ஸ் 18-ல் இருக்கிறது, இன்று டிஎக்ஸ் திடீரென 60 வந்துவிட்டது என்று வைப்போம். 18-ஐ 13-ஆல் பெருக்கி, 60 கூட்டி, 14-ஆல் வகுத்தால் 21. நாளையும் டிஎக்ஸ் 60 என்றால் 23.8. மறுநாளும் 60 என்றால்தான் 26.4. டிஎக்ஸ் 60-க்குப் போன பிறகும் 25-ஐத் தாண்ட மூன்று நாள் ஆகிறது. அந்த டிஎக்ஸ் 60-க்கு வருவதற்கே ஏற்கெனவே பல நாள் ஓட்டம் நடந்திருக்கும். ஆக 25 என்பது வண்டி கிளம்பியதற்கான மணி அல்ல, வண்டி நடுவழியில் ஓடுகிறது என்ற செய்தி.

அதனால் நான் அளவைவிடச் சாய்வைத்தான் முதலில் பார்க்கிறேன். 18-லிருந்து ஏறிக்கொண்டிருக்கும் 22-க்கு நான் கொடுக்கும் மதிப்பு, 38-லிருந்து இறங்கி வரும் 28-க்கு இல்லை. மூன்று நாளுக்கு முன் இருந்ததைவிட இன்று அதிகமா, குறைவா? அவ்வளவுதான் என் சாய்வுக் கணக்கு.

அப்போ 14-ஐ 7 ஆக்கிட்டா சீக்கிரம் சொல்லாதா?

சொல்லும். பொய்யும் சீக்கிரமே சொல்லும். 7 நாள் ஏடிஎக்ஸ் 25-க்கு மேலேயே அதிக நேரம் உட்கார்ந்திருக்கும், சின்னச் சின்ன ஓட்டத்துக்கெல்லாம் 40, 50 என்று குதிக்கும். பிறகு 25, 20 என்ற கோடுகளுக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் கோடுகளையும் அந்தப் பங்கின் பழைய சார்ட்டைப் பார்த்து மேலே தூக்கி வைக்க வேண்டும். நான் 14-ஐ மாற்றுவதில்லை.

20-க்குக் கீழே இருந்தா ரேஞ்சுன்னு முடிவு பண்ணி மேலே வித்து கீழே வாங்கலாமா?

இந்தப் பாடத்துக்கு நான் காசு கட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பங்கு ஏழு வாரமாக 480-க்கும் 510-க்கும் நடுவே கிடந்தது. ஏடிஎக்ஸ் மெல்ல இறங்கி 13 வரை வந்தது. 482 பக்கம் வாங்கி 505-ல் விற்றேன், இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறை விலை 507-க்கு வந்ததும் ஃபியூச்சர்ஸில் ஷார்ட் போனேன், 515-ல் ஸ்டாப் லாஸ். அன்றைக்கு ஏடிஎக்ஸ் 17. ‘20-க்குக் கீழேதானே’ என்று ஒரே ஒரு பார்வை பார்த்தேன், முடிந்தது. மறுநாள் காலை 519-ல் திறந்தது. 8 ரூபாய் போக வேண்டிய இடத்தில் 12 ரூபாய் போனது. பங்கு அதன் பிறகு 560 வரை போனது. ஏடிஎக்ஸ் 25-ஐத் தாண்டியபோது விலை 537.

அப்புறம் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினால், அந்த 17-க்கு முந்தைய நாள் 15.5, அதற்கு முந்தைய நாள் 14. முதல் இரண்டு முறை விலை கூரையைத் தொட்டபோது ஏடிஎக்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை ஏறிக்கொண்டிருந்தது. அளவு மூன்று முறையும் 20-க்குக் கீழேதான். வித்தியாசம் சாய்வில் மட்டும் இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ரேஞ்சுக்குள்ளேயே விலை தரையிலிருந்து கூரைக்குப் போகும்போது, அந்தப் பயணமே ஒரு குட்டி ட்ரெண்ட் மாதிரிதான். நான்கைந்து நாளில் போய்ச் சேர்ந்துவிட்டால் ஏடிஎக்ஸ் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. பத்து பன்னிரண்டு நாள் எடுத்தால் ஏறத் தொடங்கிவிடும், ரேஞ்ச் உடையாவிட்டாலும். ஆக ரேஞ்ச் ஆட்டத்துக்கு ஏடிஎக்ஸ் துணை நிற்க வேண்டுமானால், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும் நாட்கள் 14-ஐவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். அகலமான ரேஞ்சில் இந்த ஃபில்டரை நம்பாதீர்கள்.

இப்போது என் விதி இப்படி: ஏடிஎக்ஸ் 20-க்குக் கீழே, மூன்று நாளாக ஏறவில்லை, விலை இரண்டு பக்கமும் குறைந்தது இரண்டு முறை தொட்டுத் திரும்பியிருக்கிறது. மூன்றும் இருந்தால்தான் கூரையில் விற்பேன். ஏடிஎக்ஸ் ஏறத் தொடங்கியிருந்தால் கைவசம் இருக்கும் லாபத்தை எடுத்துக்கொண்டு வெளியே நிற்பேன். பிரேக்அவுட் வருமா என்று தெரியாது. ஆனால் ரேஞ்ச் உத்திக்கு அன்றைக்கு லீவு.

20-க்கும் 25-க்கும் நடுவுல இருந்தா?

வைல்டரே அந்த இடைவெளியை மங்கலாகத்தான் விட்டிருக்கிறார். கீழேயிருந்து ஏறி வந்தால் பிரேக்அவுட்டை வழக்கமான அளவில் பாதி போட்டு எடுப்பேன். மேலேயிருந்து இறங்கி வந்தால் புது ஆர்டரே போட மாட்டேன்.

விலை ஏறிட்டே இருக்கு, ஏடிஎக்ஸ் இறங்கிட்டே இருக்கு. கெட்டுப்போச்சா?

கெடவில்லை, அதன் வேலையைத்தான் செய்கிறது. இதற்கு 2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் 12,430 வரை போன நிஃப்டி, மார்ச் 24 அன்று 7,511-ஐத் தொட்டது. அந்த வீழ்ச்சியில் மைனஸ் டிஐ உச்சத்துக்குப் போனது, ஏடிஎக்ஸும் கூடவே ஏறியது. பிறகு சந்தை திரும்பி ஏப்ரல் கடைசியில் 9,850-ஐத் தாண்டி முடிந்தது. ஐந்து வாரத்தில் இரண்டாயிரம் புள்ளிக்கு மேல். ஆனால் ஏப்ரல் முழுக்க தினசரி ஏடிஎக்ஸ் இறங்குமுகம்தான்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. வீழ்ச்சியின் முடிவில் மைனஸ் டிஐ 35, பிளஸ் டிஐ 10 என்று வைத்துக்கொண்டால் டிஎக்ஸ் 55-க்கு மேல் வரும். (இவை விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள், அன்றைய நிஃப்டியுடையவை அல்ல.) விலை திரும்பியதும் ஒன்று இறங்க, மற்றது ஏற, வழியில் இரண்டும் சந்தித்தாக வேண்டும். 24-ம் 22-ம் ஆகும்போது டிஎக்ஸ் வெறும் 4. அந்த 4-ஐ 14 நாள் சராசரியில் போட்டால் ஏடிஎக்ஸ் இறங்காமல் என்ன செய்யும்? புது ஏற்றம் பழைய வீழ்ச்சியைக் கணக்கிலிருந்து துடைத்து முடிக்கும் வரை இப்படித்தான்.

இதிலிருந்து ஃபில்டருக்குக் கிடைக்கும் விதி முக்கியமானது. ஏடிஎக்ஸ் உயரத்திலிருந்து இறங்குகிறது என்றால் ‘பழைய ட்ரெண்ட் களைத்துவிட்டது’ என்று மட்டும் அர்த்தம். ‘ரேஞ்ச் தொடங்கிவிட்டது’ என்று அர்த்தம் இல்லை. 2020 ஏப்ரலில் இறங்கும் ஏடிஎக்ஸைப் பார்த்து, ரேஞ்ச் என்று நினைத்து, ஒவ்வொரு ரெசிஸ்டன்ஸிலும் ஷார்ட் போனவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இறங்கி 20-க்குக் கீழே வந்து, அங்கே கொஞ்ச நாள் படுத்த பிறகுதான் ரேஞ்ச் பேச்சே.

15 நிமிஷ சார்ட்ல காலையிலேயே ஏடிஎக்ஸ் ஏறிடுது, ஆனா விலை அதே இடத்துல நிக்குது. ஏன்?

கேப். இதைத்தான் இன்ட்ராடே செய்பவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள், எனவே ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடுவோம்.

நேற்றைய கடைசி கேண்டிலின் உச்சம் 1002, தாழ்வு 998, முடிவு 1000. சந்தை சும்மா கிடக்கிறது. 14 கேண்டில் ட்ரூ ரேஞ்ச் கூட்டுத்தொகை 56, பிளஸ் டிஎம் 14, மைனஸ் டிஎம் 14. இரண்டு டிஐயும் 25, டிஎக்ஸ் பூஜ்யம். ஏடிஎக்ஸ் 15 என்று இருக்கட்டும்.

இன்று காலை 9:15 கேண்டில் மேலே திறந்து உச்சம் 1024, தாழ்வு 1016 போடுகிறது. கணக்குக்கு ராத்திரி நடந்ததா பகலில் நடந்ததா என்று தெரியாது. பிளஸ் டிஎம் 22, ட்ரூ ரேஞ்ச் 24. பிளஸ் டிஐ 46-க்குப் பாய்கிறது, மைனஸ் டிஐ 17-க்கு இறங்குகிறது. ஒரே கேண்டிலில் டிஎக்ஸ் பூஜ்யத்திலிருந்து 46.

இதன் பிறகு விலை 1016-க்கும் 1024-க்கும் நடுவே மந்தமாக, இரு பக்கமும் சமமாக அசைந்துகொண்டிருக்கிறது என்று வைத்து மேலே கணக்கிட்டால், டிஎக்ஸ் மெதுவாகத்தான் தேய்கிறது. ஏடிஎக்ஸ் 17, 19, 21 என்று ஏறி, எட்டாவது கேண்டில் முடியும் 11:15-க்கு 25-ஐத் தாண்டிவிடுகிறது. இரண்டு மணி நேரமாகச் சந்தை ஓர் அடி கூட நகரவில்லை, ஃபில்டர் ‘ட்ரெண்ட்’ என்கிறது. நம் சந்தையில் ஒரு நாளைக்கு 15 நிமிட கேண்டில் 25-தான். பதினொன்றே முக்கால் மணிக்கும் அந்த 22 புள்ளியில் பாதி கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கிட்டத்தட்ட நாள் முழுக்க வர்த்தகமாகும் சந்தைகளில் இந்தத் தொல்லை குறைவு. நமக்கு தினமும் உண்டு. நான் செய்வது: ஃபில்டரை தினசரி சார்ட்டில் வைக்கிறேன், 15 நிமிட சார்ட்டை எங்கே நுழைவது என்பதற்கு மட்டும் பயன்படுத்துகிறேன். சொந்தமாக நிரல் எழுதத் தெரிந்தவர்கள் நாளின் முதல் கேண்டிலுக்கு டிஎம்மைப் பூஜ்யமாக்கி, ட்ரூ ரேஞ்சாக அந்தக் கேண்டிலின் உச்சம், தாழ்வு வித்தியாசத்தை மட்டும் எடுக்கலாம்.

ஒரு ஆப்ல 23, இன்னொண்ணுல 27. எது சரி?

இரண்டுமே தன் கணக்கில் சரியாக இருக்கலாம். வைல்டர் சராசரிக்கு ஞாபகசக்தி அதிகம். முதல் எண்ணை எங்கிருந்து தொடங்கினோம் என்பது நூறு கேண்டிலுக்குப் பிறகும் கொஞ்சம் தெரியும். ஒன்று 60 கேண்டில் மட்டும் இறக்கிக் கணக்கிடுகிறது, இன்னொன்று 500 இறக்குகிறது என்றால் எண் மாறும். 150-க்குக் குறைவான கேண்டிலில் வரும் ஏடிஎக்ஸை நான் நம்புவதில்லை. புதிதாகப் பட்டியலான பங்குகளில் இதனால்தான் இதைப் பார்ப்பதே இல்லை. சில மென்பொருள்களில் வைல்டர் முறைக்குப் பதிலாக சாதாரண எக்ஸ்பொனென்ஷியல் சராசரி இருக்கும், அது வேகமாக ஆடும். ட்ரேடிங்வியூவில் `DI Length`, `ADX Smoothing` என்று இரண்டு பெட்டிகள் இருக்கும், இரண்டிலும் 14 இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. பங்குப் பிரிப்பு அல்லது போனஸ் வந்த பங்கில் பழைய விலையைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால், ஒரே நாளில் விலை பாதியாக விழுந்ததாக நினைத்து மைனஸ் டிஐ வானத்துக்குப் போகும். ஏடிஎக்ஸ் 70, 80 என்று பார்த்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

இந்த விதிகளை சார்ட்டிலேயே நிறம் போட்டுக் காட்ட முடியுமா?

ட்ரேடிங்வியூவில் இவ்வளவு போதும்:

```
//@version=5
indicator("ADX filter")
[p, m, adx] = ta.dmi(14, 14)
up = adx > adx[3]
tr_ok = adx > 25 and up
rg_ok = adx < 20 and not up
plot(adx)
bgcolor(tr_ok ? color.new(color.green, 85) :
     rg_ok ? color.new(color.orange, 85) : na)
```

பச்சையில் ரேஞ்ச் உத்திக்குப் பூட்டு, ஆரஞ்சில் பிரேக்அவுட் உத்திக்குப் பூட்டு. நிறம் இல்லாத இடம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கும். அங்கே புதிதாக முழு அளவில் எதுவும் எடுப்பதில்லை.

ஏடிஎக்ஸ் 15, அதனால வாராந்திர ஆப்ஷன் ரெண்டு பக்கமும் விக்கிறேன். சரிதானே?

ஏடிஎக்ஸ் இதுவரை நடந்ததை மட்டும் அளக்கிறது. பட்ஜெட், ரிசர்வ் வங்கி அறிவிப்பு, தேர்தல் முடிவு எதுவும் அதற்குத் தெரியாது. பெரிய நிகழ்வுக்கு முந்தைய வாரம் எல்லோரும் காத்திருப்பதாலேயே ஏடிஎக்ஸ் படுத்துக் கிடக்கலாம். மேலே சொன்ன மாதிரி, 15 என்பது ஆட்டம் சின்னது என்ற உறுதியும் இல்லை. விற்கும் ஸ்ட்ரைக்குகளின் தூரத்தை ஏடிஆரையும் பிரீமியத்தையும் பார்த்து வையுங்கள், ஏடிஎக்ஸைப் பார்த்து அல்ல.

இது எனக்கு உதவுதான்னு எப்படிச் சோதிக்கிறது?

உங்கள் கான்ட்ராக்ட் நோட்டுகளிலிருந்து கடைசி ஐம்பது வர்த்தகங்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நுழைந்த நாளுக்கு முந்தைய நாள் முடிவில் இருந்த ஏடிஎக்ஸையும், அதற்கு மூன்று நாள் முந்தையதையும் எழுதுங்கள். நுழைந்த நாளின் எண்ணை எழுதக் கூடாது. சந்தை முடிந்த பிறகு வரும் எண் அது, காலை பத்து மணிக்கு உங்கள் கையில் இருந்திருக்காது. இந்த ஒரு தவறிலேயே மோசமான ஃபில்டர் கூடப் பிரமாதமாகத் தெரியும்.

பிறகு பிரேக்அவுட் வர்த்தகங்களைத் தனியாகவும் ரேஞ்ச் வர்த்தகங்களைத் தனியாகவும் பிரித்து, ஃபில்டர் தடுத்திருக்கக்கூடியவற்றைக் கோடிட்டு, அவற்றின் லாப நஷ்டத்தை மட்டும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை மைனஸில் இருந்தால் ஃபில்டர் உங்களுக்குக் காசு மிச்சம் பிடித்திருக்கும். பிளஸில் இருந்தால் நல்ல வர்த்தகங்களைத்தான் அது தடுத்திருக்கிறது. என் நோட்டில் ரேஞ்ச் பக்கம் தெளிவாக மைனஸ் வந்தது. பிரேக்அவுட் பக்கம் தடுக்கப்பட்டவற்றில் இரண்டு பெரிய லாபங்கள் மாட்டிக்கொண்டு, கூட்டுத்தொகை கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நின்றது. அதனால் இப்போது பிரேக்அவுட்டுக்கு 25 வரை காத்திருப்பதில்லை, 20-ஐ ஏறுமுகத்தில் தாண்டினாலே பாதி அளவில் எடுக்கிறேன்.